ஏஐ பாட்டுக் கருவியில் தமிழ் உச்சரிப்பு தெளிவாக வர வரிகளை எழுதும் முறை

கேள்வி: சுனோவில் என் பாட்டைத் தமிழ் எழுத்திலேயே போட்டேன். மெட்டு நன்றாக வருகிறது. ஆனால் "பூமி" என்றால் பூவில் வரும் "பூ" மாதிரி ஆரம்பிக்கிறது, "விடு" என்பது "வீடு" என்று கேட்கிறது, சில இடங்களில் வார்த்தையே புரியவில்லை. எழுத்தை மாற்றி எழுதினால் சரியாகுமா, இல்லை ஆங்கில எழுத்தில்தான் போட வேண்டுமா?

பதில்:

தமிழ் எழுத்திலேயே போடுங்கள். ஆங்கில எழுத்தில் `pal` என்று போட்டால் அது பல்லா, பாலா, பள்ளா என்று கருவிக்குத் தெரிய வழியில்லை. ல, ள, ழ மூன்றுக்கும் வேறுபாடு போய்விடும். `zh` போட்டால் "ஷ", "ஸ" கலந்த ஏதோ ஒன்று வரும். தமிழ் எழுத்தில் குறில் நெடிலும் ல ள ழ வேறுபாடும் எழுதும்போதே தீர்ந்துவிடுகின்றன. மிச்சமிருக்கும் சிக்கல்களில் பெரும்பாலானவற்றை எழுதும் முறையால் சரிசெய்யலாம்.

அதற்கு முதல் வேலை, பாட்டுக்கு இரண்டு பிரதி வைத்துக்கொள்வது. ஒன்று படிக்கிறவர்களுக்கு. அதில் ஒற்று, சந்தி எல்லாம் இலக்கணப்படி இருக்கட்டும். இன்னொன்று கருவிக்கு. அதில் காதில் விழ வேண்டியது மட்டுமே எழுத்தில் இருக்க வேண்டும், இலக்கணப் பிழையாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. படிப்புப் பிரதியை அப்படியே ஒட்டுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

இடைவெளி ஓர் எழுத்துக்குச் சமம்

க, ச, ட, த, ப என்ற ஐந்துக்கும் தமிழில் இடத்தைப் பொறுத்து ஒலி மாறும். "கடல்" என்பதில் க வன்மையாக ஒலிக்கும். "பக்கம்" என்று இரட்டித்தாலும் அப்படியே. "தங்கம்" என்று மெல்லினத்துக்குப் பின்னால் வந்தால் மென்மை. "அகல்" என்று இரண்டு உயிர்களுக்கு நடுவில் வந்தால் இன்னும் மென்மை. நாம் இதை யோசிக்காமலே செய்கிறோம். கருவியும் ஓரளவு செய்கிறது. ஆனால் அதற்குக் கிடைக்கும் தடயம் பக்கத்து எழுத்தும் இடைவெளியும்தான். இடைவெளிக்குப் பின் வரும் எழுத்து வார்த்தையின் முதல் எழுத்து, ஆகவே வன்மை. ஒட்டி எழுதினால் அது நடு எழுத்து.

இதனால் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

"கதவைத் தட்டு" என்று எழுதினால் முதல் வார்த்தையின் கடைசியில் ஒரு த் தனியாகத் தொங்குகிறது. பேச்சில் எந்தத் தமிழ் வார்த்தையும் வல்லின மெய்யில் முடிவதில்லை. அங்கே கருவி தடுமாறி "கதவைத்து தட்டு" என்று ஓர் உகரத்தைச் சேர்த்துப் பாடும், அல்லது த்-ஐ விழுங்கி அந்த இடத்தில் சின்னதாகத் தட்டுப்படும். கருவிப் பிரதியில் "கதவைத்தட்டு" என்று சேர்த்துவிடுங்கள்.

சேர்த்தால் வார்த்தை மிக நீளமாகிறது என்றால் வேறு வழி இருக்கிறது. "சொல்லிக் கொண்டிருந்தேன்" என்பதை "சொல்லி கொண்டிருந்தேன்" என்று க் இல்லாமல் எழுதலாம். இடைவெளி இருப்பதால் "கொ" எப்படியும் வன்மையாகத்தான் வரும். தமிழ் வாத்தியார் சிவப்பு மையால் வட்டம் போடுவார், காதுக்கு வித்தியாசம் மிகக் குறைவு. ஒட்டுமொத்தமாகச் சேர்த்து "சொல்லிக்கொண்டிருந்தேனடி" என்று விட்டால்தான் ஆபத்து. எங்கே மூச்சு விடுவது என்று தெரியாமல் கருவி தன் போக்கில் உடைக்கும். ஒரு வார்த்தை ஆறு அசைக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். (இங்கே அசை என்று நான் சொல்வது நேரசை நிரையசை அல்ல, வாயால் ஒரு தட்டில் சொல்லும் துண்டு. "வந்தது" என்றால் வந், த, து என மூன்று.)

மூன்றாவது, சேர்க்கக் கூடாத இடம். "உன் பேர்" என்பதை "உன்பேர்" என்று ஒட்டினால் ப மென்மையாகி "உம்பேர்" மாதிரி வரலாம். அங்கே இடைவெளி அவசியம். அதே காரணத்தால் அசை பிரிக்கிறேன் என்று "அ-கல்" எனக் கோடு போட வேண்டாம். கோட்டுக்குப் பின் வரும் க முதல் எழுத்தாகி "அக்கல்" என்பதற்கு அருகில் போய் நிற்கும்.

உங்கள் "பூமி"

வடமொழியிலிருந்து வந்த வார்த்தைகள் மேலே சொன்ன விதிக்கு அடங்குவதில்லை. பூமி, தீபம், குரு, பயம், தினம் எல்லாவற்றிலும் முதல் எழுத்தையே மென்மையாகச் சொல்கிறோம். எழுத்து அதைக் காட்டுவதில்லை. பழக்கத்தால் நமக்குத் தெரியும், கருவிக்குச் சில வார்த்தைகள் தெரியும், சில தெரியாது. "பாவம்" மாதிரி இரண்டு வகையாகவும் சொல்லக்கூடிய வார்த்தை வந்தால் எது கிடைக்கும் என்பது சீட்டுக் குலுக்கல்தான்.

இதற்கு நம்பகமான மருந்து வார்த்தையை மாற்றுவது. தீபத்துக்கு விளக்கு, பயத்துக்கு அச்சம், தினத்துக்கு நாளும், பூமிக்கு மண் அல்லது நிலம். தூய தமிழ்ப் பற்றுக்காகச் சொல்லவில்லை. இந்த வார்த்தைகளில் எழுத்தும் ஒலியும் ஒத்துப்போகின்றன, அவ்வளவுதான். மாற்றவே முடியாது, பல்லவியின் உயிரே "பூமி"யில் இருக்கிறது என்றால், அந்த ஒரு வார்த்தையை மட்டும் `bhoomi` என்று போட்டுப் பாருங்கள். பல நேரம் சரியாக வரும். ஆனால் ஒரே வரியில் இரண்டு மூன்று வார்த்தைகளை இப்படி மாற்றினால் வரி முழுவதும் இந்திக்காரர் தமிழ் பாடுவது மாதிரி ஆகிவிடுகிறது. ஒரு வரிக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

ச-வும் இதே குடும்பம். "சிறகு", "சொல்" இரண்டையும் தமிழ்நாட்டில் பெரும்பாலும் ஸ போலவே சொல்கிறோம். கருவி அதை "ச்சிறகு" என்று அழுத்தினால் "ஸிறகு" என்று எழுதலாம். இரட்டித்த இடத்திலும் (பச்சை) ஞ்-க்குப் பின்னும் (நெஞ்சம்) தொடாதீர்கள், அங்கே ச சரியாகவே வரும்.

"விடு" ஏன் "வீடு" ஆகிறது

இதில் எழுத்துப் பிழை எதுவும் இல்லை. தமிழில் குறிலும் நெடிலும் பொருளை மாற்றும்: விடு வீடு, கல் கால், கொடு கோடு. மெட்டில் ஒரு நீண்ட சுரம் "வி"யின் மேல் விழுந்தால் அது தானாகவே "வீ" ஆகிவிடும். மனிதப் பாடகர் பாடினாலும் அப்படித்தான். மெட்டுக்கு எழுதும்போது நீளும் இடத்தில் நெடிலை வைத்துச் சமாளிக்கிறார்கள். உங்கள் நிலைமை தலைகீழ். வரி முதலில், மெட்டு பிறகு. எந்த இடம் நீளும் என்று முன்கூட்டியே ஊகிக்க வேண்டும்.

ஊகிப்பது கஷ்டமில்லை. வரியின் கடைசி அசை கிட்டத்தட்ட எப்போதும் நீளும். அடுத்தபடியாக வரியின் முதல் அசை. ஆகவே கடைசியில் ஆ, ஏ, ஓ வருமாறு முடியுங்கள்: "வருதே", "நிலாவே", "வா வா", "பார்க்கிறேன்". அங்கே "ஒளி", "அது", "மனசு" போன்றவற்றை வைத்தால் "ஒளீ", "அதூ", "மனசூ" என்று கேட்கும்.

இவற்றில் அதிகத் தொல்லை தருவது குற்றியலுகரம். "காற்று", "பாட்டு", "வந்து" ஆகியவற்றின் கடைசி உகரத்துக்கு அரை மாத்திரைதான் என்று இலக்கணமே சொல்கிறது. உதட்டைக் குவிக்காமல் விட்டுவிடும் ஒலி அது. கருவி அதை முழு உகரமாக்கி, உதட்டைக் குவித்து, ஒரு சுரம் முழுக்க இழுக்கும். வெளிநாட்டார் பாடுகிற மாதிரி இருக்கிறது என்று தோன்றும் பாட்டுகளில் பெரும்பாலும் குற்றவாளி இதுதான். தப்பிக்க நம் புணர்ச்சி விதியே உதவுகிறது. அடுத்த வார்த்தை உயிரில் தொடங்கினால் உகரம் ஓடிவிடும்: "பாட்டு எடுத்து" என்பதை "பாட்டெடுத்து", "வந்து என்னை" என்பதை "வந்தென்னை" என்று எழுதுங்கள். கருவி தானாகச் சேர்த்துப் பாடும் என்று நம்பாதீர்கள், சேர்த்தே எழுதுங்கள். இப்படிச் செய்தால் ஓர் அசையும் மிச்சமாகும்.

வேண்டுமென்றே இழுக்க வேண்டிய இடத்தில் "வாாா" என்று கால்களை அடுக்காதீர்கள். அது முறையான எழுத்துச் சேர்க்கை அல்ல, சில திரைகளில் புள்ளி வட்டமும் தெரியும். பழைய அளபெடை மாதிரி "வா ஆ ஆ" என்று தனித்தனியாக எழுதுவது வேலை செய்யும்.

ழகரமும் றகரமும்

ழ-வைச் சரியாக வரவைக்கும் எழுத்து வித்தை எதுவும் கிடையாது. சில முறை அருமையாக வரும், சில முறை ள ஆகும், மோசமானால் ய அல்லது ர ஆகும். இடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் நம் கையில் இருக்கிறது. "தமிழ்", "வாழ்" என்று மெய்யாக நிற்கும்போது கெடும் வாய்ப்பு அதிகம். "தமிழே", "மழையில்" என்று உயிரோடு வரும்போது தேறிவிடும். திரும்பத் திரும்பப் பாடப்படும் பல்லவியில் ழ் மெய்யாக நிற்கும் வார்த்தையை வைக்காமல் இருப்பது நல்லது. எத்தனை முறை போட்டாலும் ய-தான் வருகிறது என்றால் ள போட்டுவிடுங்கள். "மளை" காதுக்குக் கொச்சையாக இருக்கும், ஆனால் "மயை" மாதிரி அர்த்தம் போகாது.

ற்ற, ன்ற இரண்டும் பெரும்பாலும் சரியாக வரும். "காற்று" என்பதை "கார்ரு" என்று பாடினால் "காட்ரு" என்றும், "நன்றி" கெட்டால் "நண்ட்ரி" என்றும் எழுதிப் பார்க்கலாம். இது தமிழ்நாட்டு உச்சரிப்புக்கான கைவைத்தியம். யாழ்ப்பாணத்தில் "காற்று" என்பதில் அந்த ரகர நிழல் இல்லாமல் நுனிநாக்கில் சொல்வார்கள். அந்தப் பேச்சில் பாட்டு வேண்டுமென்றால் இந்த மாற்றம் கெடுக்கும்.

கண்ணுக்குத் தெரியாத பிழை

ஒரு வார்த்தை மட்டும் எத்தனை முறை முயன்றாலும் உளறலாக வந்தால் எழுத்துக் குறியீட்டைச் சந்தேகப்படுங்கள். "மௌனம்" என்பதில் ஔகாரக் குறிக்குப் பதில் ெ போட்டு ள எழுதியிருந்தால் திரையில் ஒன்றுபோலவே தெரியும், கருவி "மெ-ள-னம்" என்று மூன்று அசையாகப் பாடும். தமிழ் எண்களான ௧, ௨, ௭ ஆகியவை க, உ, எ போலவே இருக்கும். பக்கங்களிலிருந்து ஒட்டும்போது கண்ணுக்குத் தெரியாத இடைவெளிக் குறிகளும் சேர்ந்து வரும். வரிகளை paattu.txt என்று சேமித்து ஓட்டினால், எண்ணையும் குறியையும் இந்தச் சிறு பைத்தான் நிரல் காட்டிக்கொடுக்கும்:

```
import unicodedata
s = open("paattu.txt", encoding="utf-8").read()
s = unicodedata.normalize("NFC", s)
for n, line in enumerate(s.splitlines(), 1):
    for c in line:
        if "\u0be6" <= c <= "\u0bf2" or c in "\u200b\u200c\u200d":
            print(n, hex(ord(c)))
```

"மௌனம்" வகையை இது பிடிக்காது. அதை அழித்துவிட்டு மறுபடி தட்டச்சு செய்வதே சுருக்கமான வழி. 100 என்று எண்ணில் எழுதினால் எந்த மொழியில் பாடும் என்று சொல்ல முடியாது. "நூறு" என்றே எழுதுங்கள்.

ஒரு நாலு வரியைத் திருத்திப் பார்ப்போம்

படிப்புப் பிரதி இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

காற்று வந்து கதவைத் தட்டும்
கண் திறந்து பார்க்கிறேன்
தூரத்தில் ஒரு தீபம் எரிகிறது
உன் பெயரைச் சொல்லி அழைக்கிறேன்

முதலில் அசையை எண்ணுங்கள். 9, 7, 12, 10. மூன்றாவது வரிதான் பிரச்சினை. மற்ற வரிகளின் நேரத்துக்குள் பன்னிரண்டை அடைக்க வேண்டியிருப்பதால் கருவி வேகமாகப் பாடும். வேகத்தில் "எரிகிறது" என்பதில் ஓர் அசை காணாமல் போய் "எரிக்ரது" ஆகும். "வார்த்தையே புரியவில்லை" என்று நீங்கள் சொன்ன இடங்களை எண்ணிப் பாருங்கள், அநேகமாக அவை இப்படி நிரம்பி வழியும் வரிகளாக இருக்கும். போதாததற்கு அந்த வரி குற்றியலுகரத்தில் முடிகிறது, நடுவில் தீபம் வேறு.

முதல் வரியில் "வந்து" இல்லாவிட்டாலும் பொருள் நிற்கும். "தட்டும்" என்று ம்-இல் முடிவதைவிட "தட்டுதே" திறந்து ஒலிக்கும். இரண்டாவது வரியில் ஓர் அசை கூட்ட "கண்கள்". மூன்றாவதில் தீபம் போய் விளக்கு வருகிறது. "விளக்கு ஒளி" என்பதைச் சேர்த்து "விளக்கொளி" என்றால் உகரமும் ஒழிந்தது. அது வரிக் கடைசியில் நின்றால் "ளி" நீளும், அதனால் முன்னால் தள்ளி "தூரத்திலே" என்று முடிக்கிறோம். நாலாவதில் "பெயரைச்" என்பதன் ச் தொங்குகிறது. "பேர்" என்றால் ஒற்றும் போகிறது, இரண்டு அசையும் குறைகிறது. கருவிப் பிரதி:

```
[Chorus]
காற்று கதவைத்தட்டுதே
கண்கள் திறந்து பார்க்கிறேன்
விளக்கொளி தூரத்திலே
உன் பேர் சொல்லி அழைக்கிறேன்
```

நான்கும் எட்டு அசை. நான்கிலும் கடைசி அசையில் ஏகாரம் இருக்கிறது. முதல் வரியில் "காற்று", இரண்டாவதில் "திறந்து" என்ற குற்றியலுகரங்கள் இன்னும் இருக்கின்றன, ஆனால் அவற்றின் உகரம் வரியின் உள்ளே இருக்கிறது, நீளும் இடத்தில் இல்லை. அவற்றை விட்டுவிடலாம். எல்லாக் குற்றியலுகரத்தையும் ஒழித்துவிட்டால் தமிழே மிஞ்சாது.

`[Verse]`, `[Chorus]` போன்ற குறிகளைச் சதுர அடைப்பில் ஆங்கிலத்திலேயே விடுங்கள். தமிழில் "பல்லவி" என்று போட்டால் அதையும் சேர்த்துப் பாடிவிடக்கூடும். வளைந்த அடைப்புக்குள் எழுதுவதைப் பின்குரலாகப் பாடும், அதனால் உங்களுக்கான குறிப்பு எதையும் அதற்குள் எழுதாதீர்கள்.

பாணிப் பெட்டியில் எழுதுவதும் உச்சரிப்பைத் தொடும். எதிரொலி, கூட்டுக்குரல், கனமான தாளம் எல்லாம் மெய்யெழுத்துகளை மூடிவிடும். கர்நாடக பாணி கேட்டால் கமகத்தில் குறில் எல்லாம் நெடிலாகும். சோதனைக் கட்டத்தில் இப்படிச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, வார்த்தை தேறிய பிறகு அலங்காரத்தைக் கூட்டுங்கள்:

```
Tamil, female solo vocal, clear diction, dry vocal, slow, acoustic guitar
```

சோதிக்கும் விதம்

முழுப் பாட்டையும் போடாமல் பல்லவியை மட்டும் போடுங்கள். சுனோ ஒவ்வொரு முறையும் இரண்டு வடிவம் தரும். அவற்றை ஒப்பிடுவதுதான் நோய் கண்டறியும் வழி. ஒரே வார்த்தை இரண்டிலும் ஒரே மாதிரி கெட்டால் பிழை எழுத்தில் இருக்கிறது, திருத்துங்கள். ஒன்றில் கெட்டு இன்னொன்றில் சரியாக வந்தால் எழுத்தைத் தொடாதீர்கள், மறுபடி ஓட்டினால் போதும். இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் நன்றாக இருந்த எழுத்தையும் மாற்றி மாற்றிக் குழப்பிக்கொள்பவர்கள்தான் அதிகம். ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்தால்தான் எது பலித்தது என்று தெரியும்.

கேட்கும்போது வரிகளைப் பார்க்காதீர்கள். எழுதியவருக்குத் தவறான உச்சரிப்பும் சரியாகவே கேட்கும். வரிகளை அறியாத ஒருவரிடம் போட்டுக்காட்டி, கேட்டதை எழுதித்தரச் சொல்லுங்கள். அவர் "வீடு" என்று எழுதிய இடத்தில் வேலை பாக்கி இருக்கிறது. பாட்டு முழுவதும் சரியாக வந்து ஒரு வரி மட்டும் கெட்டிருந்தால் மொத்தத்தையும் தூக்கிப்போட வேண்டாம், அந்தப் பகுதியை மட்டும் மாற்றும் வசதி சுனோவில் உண்டு. தேர்ந்தெடுக்கும்போது கெட்ட வார்த்தையோடு நிறுத்தாமல் அந்த வரி முழுவதையும் பிடியுங்கள். வார்த்தையின் நடுவில் வெட்டினால் ஒட்டும் இடத்தில் இன்னொரு மெய்யெழுத்து அடிபடும்.